திரையில் கேள்வி வரவில்லை: தேர்வுப் பிரிவுக்கு என்ன எழுத வேண்டும்?

சார், பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருந்துகொண்டு ஒரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் பி.பி.ஏ. படிக்கிறேன். போன சனிக்கிழமை வீட்டிலிருந்தே புள்ளியியல் தேர்வு எழுதினேன். மூடுல் தளம், பக்கத்துக்கு ஐந்து கேள்வி. நடுவில் மின்சாரம் போய்விட்டதால் வைஃபையை விட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினேன். 14ஆம் கேள்வியில் வரைபடம் இல்லை. 15இல் விடைக்கான வட்டங்கள் மட்டும் இருந்தன. அடுத்த பக்கத்தில் 18ஆம் கேள்விக்குக் கீழே வெறும் வெள்ளை. "சர்வர் கோளாறு, கேள்விகள் வரவில்லை, மதிப்பெண் தாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். "எங்கள் பதிவுகளின்படி எல்லாக் கேள்விகளும் உங்களுக்குக் காட்டப்பட்டுள்ளன" என்று பதில் வந்துவிட்டது. இனி என்ன செய்வது? அப்போதே என்ன சொல்லியிருக்க வேண்டும்?

---

அவர்கள் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வெவ்வேறு இடத்தில் நின்று பார்க்கிறீர்கள். இதே ஊரில் தேர்வுத் தளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால் இப்படிப்பட்ட மின்னஞ்சல்களை அந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறவன் நான். உங்கள் கடிதம் ஏன் எடுபடவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூடுலில் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்ததும் "தேர்வு பார்க்கப்பட்டது" என்று ஒரு வரி பதிவாகும். யார், எந்த நேரம், எந்த ஐ.பி. முகவரி, எந்தப் பக்கம் என்பவை அதில் இருக்கும். தேர்வுப் பிரிவில் இருப்பவர் பெரும்பாலும் திறந்து பார்ப்பது இந்தப் பதிவைத்தான். ஆனால் அது சர்வர் பக்கத்தை அனுப்பப் புறப்பட்ட நேரத்தைத்தான் சொல்கிறது. உங்கள் திரையில் என்ன வந்து சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் உள்ள எழுத்துகள் ஒரு கோரிக்கையில் வருகின்றன. ஒவ்வொரு படமும் தனித்தனிக் கோரிக்கையாகப் பிறகு வருகிறது. பதிவுத் தபாலில் உறை வந்து கையெழுத்தும் போட்டாயிற்று, இணைப்புத் தாள்கள் மட்டும் வேறு வண்டியில் ஏறி வழியில் நின்றுவிட்டன என்பது போன்ற நிலை இது. தபால் நிலையத்தில் கேட்டால் "பட்டுவாடா ஆகிவிட்டது" என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே உங்கள் புகாரின் வேலை, அந்தப் பதிவுக்குத் தெரியாததைச் சொல்வது. "கேள்வி வரவில்லை" என்று மொட்டையாக எழுதினால் பதிவு உங்களைப் பொய்யாக்கிவிடும். "கேள்வியின் எழுத்தும் நான்கு விடைகளும் வந்தன, படம் மட்டும் வரவில்லை" என்று எழுதினால் பதிவும் உங்கள் பேச்சும் பொருந்தும். மேற்கொண்டு எங்கே தேடுவது என்பதும் அவர்களுக்குப் புரியும்.

உங்களுக்கு நடந்ததை எடுத்துக்கொள்வோம். நீங்கள் மூன்றையும் ஒரே கோளாறாகச் சொல்கிறீர்கள். உண்மையில் அவை ஒன்றல்ல.

14ஆம் கேள்வியில் எழுத்து வந்து வரைபடம் வரவில்லை. 15இல் வட்டங்கள் மட்டும் வந்ததற்குக் காரணம், அந்தக் கேள்வியையும் விடைகளையும் ஆசிரியர் தட்டச்சு செய்யாமல் படமாகவே ஏற்றியிருப்பார். கணிதம், புள்ளியியல் பாடங்களில் இது சர்வசாதாரணம். சூத்திரம் தட்டச்சு செய்வதற்குச் சோம்பல்பட்டு வேர்டில் எழுதியதை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். (இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டிருந்தால் எனக்கு வருகிற புகார்களில் பெரும்பகுதி குறைந்திருக்கும்.) அப்படிப்பட்ட கேள்வியில் ஐந்து படங்கள் இருக்கும். ஐந்தும் வராவிட்டால் மிச்சம் நான்கு வட்டங்கள்தான். ஆக 14க்கும் 15க்கும் நோய் ஒன்று: பக்கம் வந்தது, படங்கள் வரவில்லை.

18க்குக் கீழே வெள்ளையாக இருந்தது வேறு சங்கதி. அங்கே பக்கமே பாதியில் அறுந்திருக்கிறது. இதை அடையாளம் காண எளிய வழி உண்டு. மூடுல் பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான் இருக்கும். 19, 20 மட்டும் வராமல் அந்தப் பொத்தான் இருந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். பொத்தானும் இல்லை என்றால் பக்கத்தின் வால் வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் மீதி நேரம் காட்டும் கடிகாரமும் பெரும்பாலும் ஓடாது; அதை இயக்கும் நிரல் பக்கத்தின் கடைசியில்தான் வருகிறது. தானாகச் சேமிக்கும் வசதியும் அதே நிரலைச் சேர்ந்தது என்பதால், அந்தப் பக்கத்தில் நீங்கள் குறித்த 16, 17, 18 விடைகள் பதிவாயினவா என்பதையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். மாணவர்கள் இதைக் கேட்பதே இல்லை. காணாமல் போன இரண்டு கேள்விக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, எழுதிய மூன்று விடையும் சேர்ந்து போயிருக்கும்.

இனி, இது நெட்வொர்க் கோளாறுதானா என்ற கேள்வி. "சர்வர் கோளாறு" என்று நீங்கள் எழுதியது தவறான இடத்தில் கை வைத்தது. நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம், அறிகுறியைச் சொன்னால் போதும். ஏனென்றால் அச்சு அசலாக இதே போலத் தெரியும், ஆனால் நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோளாறும் இருக்கிறது. ஆசிரியர் ஒரு கேள்வியிலிருந்து படத்தை நகல் எடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது, சில சமயம் படத்தின் முகவரியில் `draftfile.php` என்று நின்றுவிடும். அது அவருடைய தற்காலிகக் கோப்பு. அவர் கணினியில் படம் பளிச்சென்று தெரியும். மாணவர் எவருக்கும் தெரியாது. அவர் சரிபார்த்துவிட்டு "எனக்குத் தெரிகிறதே" என்பார்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு நீங்கள் கவனித்திருக்க வேண்டியது ஒன்றுதான்: ஹாட்ஸ்பாட் வந்த பிறகு மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பிப் போனீர்களா, அப்போது 14இன் வரைபடம் வந்ததா? வந்திருந்தால் நெட்வொர்க் கோளாறு. இணைப்பு நன்றாக இருந்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, மற்றப் படங்கள் எல்லாம் வந்து, அந்த ஒரு படம் மட்டும் கடைசிவரை வராமல் இருந்தால் கோப்பில்தான் கோளாறு. அப்போது உங்கள் வகுப்பில் அந்தக் கேள்வி கிடைத்த எல்லாருக்கும் வந்திருக்காது. விளைவிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோப்புக் கோளாறு என்றால் பிழை அவர்களுடையது. அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் மதிப்பெண் கொடுப்பதோ கேள்வியை நீக்குவதோ நியாயம். உங்கள் வீட்டு இணைப்பு என்றால், வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளின் விதிமுறைகளில் "இணையத்துக்கு மாணவரே பொறுப்பு" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அங்கே மதிப்பெண் கேட்டால் கிடைக்காது. இழந்த நேரத்தையோ மறு வாய்ப்பையோ கேட்கலாம். மூடுலில் ஒரு மாணவருக்கு மட்டும் கூடுதல் நேரமோ இன்னொரு முறை எழுதும் அனுமதியோ கொடுக்க வசதி இருக்கிறது. ஆகவே "அது முடியாது, எல்லாருக்கும் மாற்ற வேண்டியிருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தேர்வு நடக்கும்போது என்ன செய்திருக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் காரியம், கையில் எதையும் அழுத்துவதற்கு முன் தாளில் குறிப்பது: கடிகார நேரம், திரையில் ஓடும் மீதி நேரம், கேள்வி எண், என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை. இரண்டு நேரத்தையும் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் மடிக்கணினிக் கடிகாரம் இரண்டு நிமிடம் பிசகியிருக்கலாம். மீதி நேரம் சர்வர் கணக்குப்படி ஓடுவது, அதிலிருந்து அவர்கள் சரியான நொடியைப் பிடித்துவிடுவார்கள். படம் இருக்க வேண்டிய இடத்தைக் கூர்ந்து பாருங்கள். உடைந்த படத்தின் சின்னம் தெரிந்தால் உலாவி முயன்று தோற்றுவிட்டது. வெறும் இடமாக இருந்து, மேலே தாவலில் வட்டம் சுழன்றுகொண்டிருந்தால் இன்னும் காத்திருக்கிறது. செய்தி ஏதும் வந்தால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மூடுல் இணைப்பை இழந்தால் இப்படிக் காட்டும்:

```
Network connection lost. (Autosave failed).
```

இது தெரியும்போது அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தானைத் தொடாதீர்கள். அந்தப் பக்கத்தில் குறித்த விடைகளைத் தாளில் எழுதிக்கொண்டு இணைப்பு திரும்பும் வரை காத்திருங்கள். வைஃபையிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும் நொடியில் பக்கம் ஏறிக்கொண்டிருந்தால் குரோமில் `ERR_NETWORK_CHANGED` என்று வரலாம். அதைக் குறித்து வைத்தால் நேரத்தோடு சேர்த்து நல்ல சாட்சி. இணைப்பு வந்தபின் ஒரு முறை பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். சேமிக்கப்பட்ட விடைகள் அழியாது. பத்து முறை ஏற்றிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும், கடிகாரம் உங்களுக்காக நிற்காது.

திரையைக் கைபேசியில் படம் எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். கண்காணிப்பு உள்ள தேர்வில் கைபேசியைத் தூக்குவதே முறைகேடாகக் குறிக்கப்படும், கேள்வித்தாளைப் படம் பிடித்தது தனிக் குற்றம். காரணம் தேடுகிறேன் என்று எஃப்12 அழுத்தி உலாவியின் உள்ளே நுழைவதும் அப்படியே. உங்கள் ஹாட்ஸ்பாட் விஷயமும் இதில் வருகிறது: கைபேசியை எடுக்கும் முன் கண்காணிப்பாளருக்கு அரட்டைப் பெட்டியில் "மின்சாரம் போய்விட்டது, ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுகிறேன்" என்று ஒரு வரி. இணைப்பே இல்லாதபோது அரட்டை எப்படிப் போகும் என்றால், கேமராவும் மைக்கும் பதிவில் இருக்கும் தேர்வில் அதையே வாய்விட்டு ஒரு முறை சொல்லுங்கள். பல மென்பொருள்கள் இணைப்பு அறுந்தாலும் கணினியிலேயே பதிவு செய்து பிறகு ஏற்றிவிடுகின்றன. ஒரு வாக்கியம் போதும், தொடர்ந்து பேசினால் அதுவே சந்தேகமாகிவிடும்.

வெறுமையான கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை குறிக்கலாமா? தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்றால் குறிக்கவே கூடாது. கழிக்க மாட்டார்கள் என்றால் குறிப்பதில் தவறில்லை. ஆனால் புகாரில் "படம் தெரியாமல் ஊகித்துக் குறித்தேன்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், விடை குறித்திருப்பதையே கேள்வி தெரிந்ததற்குச் சாட்சியாக வைப்பார்கள். நான் பார்த்த வரையில் நியாயமான புகார்கள் பல இங்கேதான் சறுக்குகின்றன.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தேர்வு முடிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், ஆனால் நாள் கடத்தவும் கூடாது. படக் கோரிக்கைகள் மூடுலின் பதிவில் இருக்காது, வலை சர்வரின் அணுகல் பதிவில் இருக்கும். உபுண்டு சர்வரில் யாரும் மாற்றாமல் விட்ட அமைப்பு என்றால் அந்தக் கோப்புகள் 14 நாள் இருந்துவிட்டு அழிந்துவிடும். ஒரு வாரம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சான்றுகளில் முதலில் உங்கள் உலாவியின் வரலாறு. குரோமில் கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கத்தை எந்த நிமிடம் திறந்தீர்கள் என்று தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், கேள்வி எதுவும் அதில் தெரியாது. அங்கே அந்த வரியின் மேல் சுட்டியை வைத்தால் முழு முகவரி இப்படித் தெரியும்:

```
/mod/quiz/attempt.php?attempt=48213&cmid=907&page=2
```

`attempt` என்பதற்குப் பின் உள்ளது உங்கள் விடைத்தாளின் எண். உங்களுடையது வேறாக இருக்கும். பக்க எண் 0இலிருந்து தொடங்குவதால் `page=2` என்பது மூன்றாம் பக்கம், அதாவது 11 முதல் 15 வரையுள்ள கேள்விகள். இந்த எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். கேள்விகள் கலைத்து வழங்கப்படுவதால் உங்கள் 14 இன்னொருவருக்கு 3ஆக இருக்கும். விடைத்தாள் எண்ணும் கேள்வி எண்ணும் சேர்ந்தால்தான் அவர்கள் சரியான கேள்வியைத் திறக்க முடியும். தேர்வுக்கென்றே தரும் பாதுகாப்பு உலாவியில் எழுதியிருந்தால் இந்த வரலாறு இருக்காது. பதிவு எண்ணும் தேர்வு நேரமும் கொடுத்தால் போதும். அடுத்து, மின்தடைக்கு 1912இல் சொல்லியிருந்தாலோ இணைய நிறுவனத்திடம் சொல்லியிருந்தாலோ கிடைத்த புகார் எண். மறுநாள் எடுத்த வேகச் சோதனையை இணைக்காதீர்கள், அது மறுநாளைய வேகத்தைத்தான் காட்டும்.

ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதை மறைக்க நினைக்காதீர்கள். பலர் பயந்து மறைக்கிறார்கள். பதிவில் ஐ.பி. முகவரி மாறியது எப்படியும் தெரியும். நீங்களே சொன்னால் அந்த மாற்றம் உங்களுக்குச் சாட்சி, சொல்லாவிட்டால் வேறொருவர் வேறிடத்திலிருந்து நுழைந்ததாகச் சந்தேகம் வரும்.

பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதுங்கள், அப்போதுதான் நீங்கள் முதல் நாளே சொன்ன தேதி கூடவே நிற்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது சாரம் இப்படி இருக்கட்டும். நேரங்களை நான் உதாரணத்துக்குப் போடுகிறேன், உங்களுடையதை நிரப்பிக்கொள்ளுங்கள்:

"என் முந்தைய மின்னஞ்சலில் விவரம் குறைவாக இருந்தது; திருத்தி எழுதுகிறேன். பதிவு எண், பாடக் குறியீடு, தேர்வு தேதி, விடைத்தாள் எண் மேலே உள்ளன. காலை 10.42க்கு, மீதி நேரம் 48 நிமிடம் இருக்கும்போது, மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். 14ஆம் கேள்வியில் எழுத்தும் விடைகளும் தெரிந்தன, வரைபடம் தெரியவில்லை. 15இல் நான்கு வட்டங்கள் மட்டும் தெரிந்தன. அப்போது வீட்டில் மின்சாரம் போய் வைஃபை நின்றது. 10.46க்கு மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினேன், என் ஐ.பி. முகவரி அந்த நேரத்தில் மாறியிருக்கும். 10.49க்கு நான்காம் பக்கத்தைத் திறந்தபோது 18க்குக் கீழே எதுவும் இல்லை, அடுத்த பக்கப் பொத்தானும் இல்லை. ஒரு முறை மறுபடி ஏற்றினேன். 15க்கு விடை குறிக்கவில்லை. 14க்கு ஊகித்துக் குறித்தேன். அந்த நேரத்தில் என் முகவரிகளிலிருந்து இந்தக் கேள்விகளின் படக் கோப்புகளுக்குக் கோரிக்கை வந்ததா, முழுதாக அனுப்பப்பட்டதா என்று வலை சர்வரின் அணுகல் பதிவில் பார்க்க வேண்டுகிறேன். 16, 17, 18 விடைகள் சேமிக்கப்பட்டுள்ளனவா என்றும் தெரிவிக்கவும். கோப்பு இல்லை என்று தெரிந்தால் 14, 15 கேள்விகளை மறுபரிசீலிக்கவும், இணைப்புத் தடை என்று தெரிந்தால் மறு வாய்ப்பு வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

மறுபடி ஏற்றியபோது என்ன ஆயிற்று என்பதை அந்த இடத்தில் ஒரு வாக்கியமாகச் சேர்த்துவிடுங்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள், இட்டுக்கட்டினால் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் அது ஆசிரியர் மேசையிலிருந்து தொழில்நுட்பப் பிரிவுக்கு நகரும். அங்கே இருப்பவர் அணுகல் பதிவில் உங்கள் முகவரியைத் தேடுவார். படக் கோரிக்கை வந்து 404 என்று பதில் போயிருந்தால் கோப்பு இல்லை, வழக்கு உங்கள் பக்கம். கோரிக்கையே வரவில்லை என்றால் அது சர்வரை வந்து எட்டவே இல்லை. என்ஜின்எக்ஸ் சர்வராக இருந்து 499 என்று பதிவாகியிருந்தால், சர்வர் பதில் அனுப்பத் தொடங்கும் முன்பே உங்கள் பக்கத்தில் இணைப்பு அறுந்திருக்கிறது. சரியாக அனுப்பியாயிற்று என்பதற்கான 200 முழு அளவோடு பதிவாகியிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான்; என்றாலும் சர்வர் கையைவிட்டுப் போனதுதான் அதில் பதிவாகும், ஹாட்ஸ்பாட்டின் பலவீனமான சிக்னலில் வழியில் தொலைந்தது பதிவாகாது. ஐ.பி. மாறிய நேரமும் இந்த 200இன் நேரமும் ஒட்டி இருந்தால் அதைச் சுட்டிக்காட்டி வாதாடலாம்.

உங்கள் வகுப்பில் வேறு யாருக்காவது 14இன் வரைபடம் வரவில்லையா என்று விசாரியுங்கள். அவர்களுக்கும் வரவில்லை என்று தெரிந்தால் கூட்டு மனு வேண்டாம். ஒவ்வொருவரும் தத்தம் விடைத்தாள் எண்ணோடும் நேரத்தோடும் தனித்தனியாக எழுதட்டும். ஒரே வாசகத்தில் இருபது பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, வெவ்வேறு இணைப்பிலிருந்து எழுதிய மூன்று பேர் ஒரே படத்தைக் குறிப்பிடுவது, கோப்பில்தான் கோளாறு என்பதை எளிதாக நிறுவிவிடும்.